ஓரத்தில் 4 இருக்கிறதென்று ஓட வேண்டாம்: 5க்கு 5 மாடிக் கட்டடப் புதிர் ஒன்று

மஸ்கெலியா வாசகி | ஜூன் 8, இரவு 9.10

கீழே உள்ள புதிரில் சிக்கிக்கொண்டேன். விதி தெரியும். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் 1 முதல் 5 வரை ஒரு தடவை மட்டும் வர வேண்டும். எண்தான் கட்டடத்தின் உயரம். ஓரத்தில் நின்று பார்த்தால் எத்தனை கட்டடம் தெரியும் என்பதை ஓர எண் சொல்கிறது. உயரமானது தனக்குப் பின்னால் நிற்கும் குட்டையை மறைத்துவிடும்.

```
     3 2 1 3 3
  3  . . . . .  3
  2  . . . . .  2
  4  . . . . .  1
  3  . . . . .  2
  1  . . . . .  2
     1 3 3 2 2
```

பெரிய ஓர எண்ணில் தொடங்க வேண்டும் என்பது என் வழக்கம். இங்கே பெரியது மூன்றாம் நிரையின் 4. அதன் வலப்பக்கம் 1 இருப்பதால் 5 வலக்கோடியில் வந்துவிட்டது. மிச்ச நான்கு கட்டங்களில் 1243, 1324, 1342, 2134, 2314, 2341 என்று ஆறு வழி எழுதினேன். அதற்கு மேல் நகரவில்லை. ஆறில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தலவாக்கலை பஸ் | ஜூன் 8, இரவு 9.48

ஆறையும் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. ஓரத்தில் 2 என்றால் இரண்டாவது கட்டத்தில் 5 போடுங்கள். நான் அப்படித்தான் போடுவேன், பெரும்பாலும் சரியாக வரும்.

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 8, இரவு 10.30

அந்தக் குறுக்குவழி வேண்டாம், தம்பி. இரண்டாவது கட்டத்தில் 5 இருந்தால் 2 தெரியும் என்பது சரி. மறுதலை சரியில்லை. 4 1 3 2 5 என்று அடுக்கிப் பாருங்கள். 4 தெரியும், கோடியில் 5 தெரியும், நடுவில் மூன்றும் மறைந்துபோகும். அங்கேயும் ஓர எண் 2தான்.

தங்கச்சிக்கு: அந்த 4ஐ விட்டுவிடுங்கள். நான் புதிரை முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன், அது ஓர் இடத்திலும் தேவைப்படவில்லை. முதலில் 5கள் எல்லாவற்றுக்கும் இடம் பாருங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், இங்கே மின்சாரம் போய் போய் வருகிறது.

ராகலைப் பெரியவர் | ஜூன் 9, காலை 5.55

உயரமானது குட்டையை மறைக்கும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் மேல் லயமும் கீழ் லயமும் ஒரே உயரம். கீழே றோட்டில் நின்றால் இரண்டு கூரையும் தெரியும். மலைநாட்டில் உயரத்தை மட்டும் வைத்து எதையும் எண்ண முடியாது.

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 9, காலை 7.20

ஐயா, இந்தப் புதிரின் நகரம் கொழும்புக் கடற்கரை மாதிரிச் சமதரை. சரிவு கிடையாது. ஒரே வரிசையில் ஒரே உயரத்தில் இரண்டு கட்டடமும் கிடையாது.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. பிதுருதலாகலை 2524 மீற்றர், சிவனொளிபாத மலை 2243 மீற்றர். இருந்தாலும் தூரத்திலிருந்து எல்லாரும் கைநீட்டிக் காட்டுவது சிவனொளிபாதத்தை. அதற்கு முன்னால் மறைக்க ஆளில்லை. புதிரிலும் அப்படித்தான். ஒரு கட்டடம் தெரிகிறதா என்பதை அதற்கு முன்னால் நிற்பவைதான் தீர்மானிக்கின்றன, அதன் உயரம் மட்டுமல்ல. முன்வரிசையில் நிற்கும் 1 எப்போதும் தெரியும். அதே 1 இரண்டாவதாக நின்றால் ஒருபோதும் தெரியாது.

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 9, மாலை 6.05

இனிப் புதிர். நிரைகளை மேலிருந்தும் நிரல்களை இடமிருந்தும் எண்ணுகிறேன்.

ஒரு வரிசையின் இரண்டு முனை எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். 5 இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆகவே இடப்பக்கம் 3 என்றால் 5 மூன்றாம் கட்டத்திலோ அதற்குப் பின்னாலோ நிற்க வேண்டும். வலப்பக்கமும் 3 என்றால் வலமிருந்து எண்ணி அப்படியே. முதல் நிரையில் இரண்டு பக்கமும் 3. இரண்டுக்கும் பொதுவான இடம் நடுக்கட்டம் ஒன்றுதான், அங்கே 5. மூன்றாம் நிரலுக்கு மேலே உள்ள 1 அதே இடத்தைத்தான் சொல்கிறது, பொருந்திவிட்டது.

மூன்றாம் நிரையின் 5 வலக்கோடியில் (அதைத் தங்கச்சியே கண்டுவிட்டார்). ஐந்தாம் நிரையின் இடப்பக்கம் 1, ஆகவே 5 இடக்கோடியில். மிச்சம் இரண்டாம், நான்காம் நிரைகளும் இரண்டாம், நான்காம் நிரல்களும். இரண்டாம் நிரலுக்கு மேலே 2, கீழே 3. மேலிருந்து பார்த்தால் 5 இரண்டாம் இடத்திலோ அதற்குக் கீழேயோ. கீழேயிருக்கும் 3 அதை மூன்றாம் இடத்துக்குக் கீழே போகவிடாது. மூன்றாம் நிரையின் 5 ஏற்கெனவே வேறிடத்தில் இருக்கிறது. எனவே இரண்டாம் நிரை, இரண்டாம் நிரல். கடைசி 5 நான்காம் நிரை, நான்காம் நிரல்.

இதுவரை எதையும் ஊகிக்கவில்லை.

மஸ்கெலியா வாசகி | ஜூன் 9, இரவு 8.15

5கள் ஐந்தும் போட்டுவிட்டேன். அடுத்தது மறுபடியும் அந்த 4தானே? 4 இருக்கும் வரிசைக்கு வழிகள் குறைவு என்று எங்கோ படித்த ஞாபகம்.

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 9, இரவு 9.00

வழிகள் குறைவு என்பது உண்மைதான். ஐந்து கட்டடங்களை 120 வகையாக அடுக்கலாம். அதில் ஓர எண் 1 வருவது 24 வகை, 2 வருவது 50, 3 வருவது 35, 4 வருவது 10, 5 வருவது ஒன்றே ஒன்று. ஆகவே தனியாக நிற்கும் 2தான் மிகவும் தளர்ந்த எண்.

ஆனால் 5 எங்கே என்று தெரிந்த பிறகு கதை மாறுகிறது. ஐந்தாம் நிரையைப் பாருங்கள். 5 இடக்கோடியில், வலப்பக்கம் 2. வலமிருந்து பார்ப்பவருக்கு முதல் கட்டடமும் கடைசியில் 5உம் மட்டும் தெரிய வேண்டும். நடுவில் மூன்றையும் முதல் கட்டடமே மறைக்க வேண்டும். அதைச் செய்யக்கூடியது 4 மட்டுமே. வலக்கீழ் மூலையில் 4 போடுங்கள்.

இரண்டாம் நிரையின் வலப்பக்கமும் 2. அங்கே 5 இரண்டாம் கட்டத்தில் நிற்கிறது. வலமிருந்து முதல் கட்டடம் அடுத்த இரண்டையும் மறைக்க வேண்டும், ஆகவே அது 3 அல்லது 4. ஐந்தாம் நிரலில் இப்போதுதான் 4 போட்டோம். எனவே 3. அதற்குப் பின்னால் மறையும் இரண்டும் 1, 2. அந்த நிரையில் மிஞ்சும் 4 இடக்கோடிக்குப் போகிறது.

50 வழி இருந்த எண் இரண்டே வழிக்கு வந்துவிட்டது. உங்கள் 4 இன்னும் ஆறு வழியில் உட்கார்ந்திருக்கிறது.

நானுஓயா அம்மா | ஜூன் 10, காலை 6.30

கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். என் மகளுக்கு வகுப்பில் 4க்கு 4 புதிர் ஒன்றைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மேல் ஓரத்தில் 1, 3, 1, 2 என்று இருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டே அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. எங்கே தொடங்கச் சொல்வது?

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 10, காலை 6.52

தொடங்கவே வேண்டாம் அக்கா, அது அச்சுப்பிழை. மேலே 1 என்றால் முதல் கட்டத்திலேயே 4 நிற்கிறது என்று அர்த்தம். மேல் ஓரத்தில் இரண்டு 1 என்றால் முதல் நிரையில் இரண்டு 4 வரும். பிள்ளையின் மேல் பிழையில்லை.

புதிரைத் தொடங்குமுன் இரண்டு சோதனை செய்யலாம். ஒரே ஓரத்தில் 1 ஒரு தடவைதான் வரலாம். எதிரெதிர் முனைகளின் கூட்டுத்தொகை, கட்டங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதைத் தாண்டக் கூடாது. 4க்கு 4 என்றால் 5, 5க்கு 5 என்றால் 6. இரண்டு முனையும் 1 என்றிருந்தாலும் பிழைதான். எல்லாப் பிழையும் இதில் அகப்படாது, ஆனால் கண்ணீரில் பாதி மிச்சமாகும்.

நானுஓயா அம்மா | ஜூன் 10, காலை 7.05

தாளை மறுபடி பார்த்தேன். மூன்றாவது 1, போட்டோகொப்பியில் தலை போன 4ஆகவும் இருக்கலாம். மகள் "7" என்கிறாள்.

தலவாக்கலை பஸ் | ஜூன் 10, காலை 7.40

4 என்றால் அந்த நிரல் மேலிருந்து 1 2 3 4. வேறு வழியே இல்லை. நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 7 என்றால் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள்.

தலவாக்கலை பஸ் | ஜூன் 10, பகல் 12.20

பஸ்ஸில் வரும்போது மேலே உள்ள புதிரைத் தொடர்ந்தேன். முதல் நிரையின் 4 இரண்டாம் நிரலிலோ நான்காம் நிரலிலோதான் வரலாம், மற்ற இடமெல்லாம் அடைபட்டுவிட்டது. நான்காம் நிரலில் போட்டுப் பார்த்தேன். மேலே 3 இருக்கிறது. அந்த நிரலில் 5 நான்காம் இடத்தில். முதலிலேயே 4 நின்றால் அதுவும் 5உம் மட்டும் தெரியும், 2தான் வரும். ஆகவே 4 இரண்டாம் நிரலில். அதன்பின் நான்காம் நிரையின் 4 மூன்றாம் நிரலிலும், மூன்றாம் நிரையின் 4 நான்காம் நிரலிலும் தானாக விழுந்தன.

அதற்குப் பிறகு ஊகிக்கத்தான் வேண்டியிருந்தது. நான்காம் நிரையின் வலக்கோடியில் 1 அல்லது 2. 1ஐப் போட்டு ஓட்டினேன், இரண்டாம் நிரல் உடைந்தது. 2ஐப் போட்டேன், முடிந்தது. விடை கிடைத்துவிட்டதே, போதாதா?

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 10, இரவு 8.40

4கள் வரை அழகாகப் போயிருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் ஊகம் தேவையில்லை. நான்காம் நிரையின் இடப்பக்கம் 3 இருக்கிறதே, அதை மறந்துவிட்டீர்கள்.

அந்த நிரையில் மூன்றாவது 4, நான்காவது 5. இரண்டும் தெரியும். மூன்றாவதாகத் தெரிவது முதல் கட்டடம், அது எப்போதும் தெரியும். ஆகவே இரண்டாவது கட்டடம் மறைய வேண்டும், அதாவது முதலாவது இரண்டாவதைவிட உயரம். வலக்கோடியில் 3 வர முடியாது, ஐந்தாம் நிரலின் 3 ஏற்கெனவே போட்டாயிற்று. ஆகவே 3 முதல் இரண்டு கட்டங்களில் ஒன்றில் இருக்கிறது. உயரமானது முன்னால், எனவே முதல் கட்டத்தில் 3.

இப்போது இரண்டாம் நிரல். மேலிருந்து 4, 5, அதற்குக் கீழே மூன்று கட்டங்களில் 1, 2, 3. கீழ் ஓரத்தில் 3. இந்த நிரலின் 3 எங்கே? நான்காம் நிரையில் இல்லை, அந்த நிரையின் 3ஐ இப்போதுதான் போட்டோம். அடிக்கட்டத்தில் நின்றால் கீழிருந்து 3உம் 5உம் மட்டும் தெரியும், ஒன்று குறைகிறது. ஆகவே மூன்றாம் நிரையில். மிச்சம் 1, 2. கீழிருந்து 3, 5 தவிர இன்னும் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அடியில் 1 நின்று அதற்கு மேல் 2 நின்றால் இரண்டும் தெரிந்துவிடும். எனவே அடியில் 2, அதற்கு மேல் 1.

மிச்சமெல்லாம் சுடோகு. யாரும் நிரப்பிவிடலாம்.

```
2 4 5 3 1
4 5 1 2 3
1 3 2 4 5
3 1 4 5 2
5 2 3 1 4
```

தங்கச்சி எழுதிய ஆறு வழிகளில் விடை இரண்டாவது, 1324.

தலவாக்கலை பஸ் | ஜூன் 10, இரவு 9.15

"அடிக்கட்டத்தில் நின்றால்" என்று நீங்கள் சொன்னதும் ஊகம்தானே? நான் ஐந்தாறு கட்டம் தள்ளி ஓட்டினேன், நீங்கள் ஒரு கட்டத்தில் நிறுத்தினீர்கள். வித்தியாசம் தூரத்தில் மட்டும்தான்.

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 10, இரவு 9.50

தூரம்தான் வித்தியாசம். ஒரே வரிசைக்குள் கண்ணால் பார்த்துத் தள்ளக்கூடியதை நான் ஊகம் என்று சொல்ல மாட்டேன். நிரை நிரலாகத் தாவி, பென்சிலால் எழுதி, பிறகு அழிப்பதைத்தான் சொல்வேன். சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பில் Towers என்று இதே புதிர் இருக்கிறது. கைப்பேசியில் வலையமைப்பு இல்லாமலும் ஓடும், ரயில் சுரங்கத்துக்குள் போகும்போதுகூட விளையாடலாம். அதில் கடைசிக் கடின நிலையின் பெயர் Unreasonable. அந்த நிலையில் போட்டுப் பார்த்துத் திரும்பி வரத்தான் வேண்டும், விடை மட்டும் ஒன்றுதான். எனக்கு அந்த நிலை பிடிக்காது. பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

தலவாக்கலை பஸ் | ஜூன் 10, இரவு 9.58

நான் அந்த நிலையில் மட்டும்தான் விளையாடுகிறேன். இப்போது புரிகிறது, நாம் ஏன் ஒத்துப்போவதில்லை என்று.

ராகலைப் பெரியவர் | ஜூன் 11, காலை 5.40

பேத்தியிடம் காட்டினேன். சமதரை என்று ஒப்புக்கொண்டு நானும் 5களைப் போட்டேன். ஒரு சந்தேகம். அந்த 4 தேவையில்லை என்றால் எதற்காக அச்சிட்டிருக்கிறார்கள்?

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 11, மாலை 6.30

நல்ல கேள்வி, ஐயா. அது உதவிக்கு. வேறு பாதையில் வருபவருக்குப் பயன்படும். இருபது ஓர எண்ணையும் கொடுத்தால் பாதிக்கு மேல் மிகைதான்.

நேற்றிரவு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எட்டு மட்டும் வைத்தாலும் இதே விடை, இதே பாதையில் வருகிறது: மேலே மூன்றாம் நிரலின் 1, நான்காம் நிரலின் 3. கீழே இரண்டாம் நிரலின் 3. இடப்பக்கம் நான்காம் நிரையின் 3, ஐந்தாம் நிரையின் 1. வலப்பக்கம் இரண்டாம் நிரையின் 2, மூன்றாம் நிரையின் 1, ஐந்தாம் நிரையின் 2. நான் தொடங்கிய முதல் நிரையின் 3, 3கூட வேண்டாம், நிரலின் 1 அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஏழில் முடியுமா என்று தெரியவில்லை. இந்த எட்டில் ஒன்றைக் குறைப்பது மட்டுமல்ல, முற்றிலும் வேறு ஏழும் இருக்கலாம்.

மஸ்கெலியா வாசகி | ஜூன் 12, இரவு 10.20

ஏழு இருக்கிறதா என்று நானும் தேடினேன். கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. நான்காம் நிரையின் இடப்பக்க 3ஐ மட்டும் எடுத்துவிட்டு மற்றப் பத்தொன்பதையும் அப்படியே வைத்தேன். இது வருகிறது:

```
3 4 5 2 1
4 5 2 1 3
2 1 3 4 5
1 3 4 5 2
5 2 1 3 4
```

நான்கு பக்கமும் எண்ணிவிட்டேன், எல்லாம் பொருந்துகிறது. நான்காம் நிரையின் இடப்பக்கம் மட்டும் 3க்குப் பதிலாக 4 தெரிகிறது. அப்படியென்றால் அந்த ஒரு 3 இல்லாவிட்டால் புதிருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை, இல்லையா? என்னுடைய 4 இருந்தும் தடுக்க முடியவில்லை. மூன்றாம் நிரையில் 2134 வருகிறது, அதுவும் என் ஆறில் ஒன்றுதான்.

பண்டாரவளைப் பென்சில் | ஜூன் 13, காலை 7.10

எண்ணிப் பார்த்தேன், சரி. நான்காம் நிரையின் 3 எந்தத் தொகுப்பிலும் இருந்தாக வேண்டும். ஏழைத் தேடுபவர்கள் அதை வைத்துக்கொண்டு மிச்சம் ஆறைத் தேடலாம்.

தலவாக்கலை பஸ் | ஜூன் 13, காலை 7.25

அந்த 3ஐத்தான் நான் பஸ்ஸில் பார்க்காமல் விட்டேன், இருந்தும் விடை வந்ததே, எப்படி?

மஸ்கெலியா வாசகி | ஜூன் 13, காலை 7.31

1ஐப் போட்டபோது இரண்டாம் நிரல் எங்கே உடைந்தது என்று எழுதுங்கள். அந்த 3ஐத் தெரியாமலே பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தலவாக்கலை பஸ் | ஜூன் 13, காலை 7.44

எழுதிய தாள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். தேடிப் பார்க்கிறேன்.